இரண்டு குரல்கள் ஒன்றாக ஒலிக்கும்போது

வட இத்தாலியில் வெர்செல்லி, நொவாரா வட்டாரம் நெல் விளையும் பூமி. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை சுமார் 40 நாள், முழங்கால் தண்ணீரில் நின்று களையெடுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி அங்கே போவார்கள். அவர்களை மொந்தீனே என்பார்கள். களைக்கொல்லி மருந்து வந்ததும் அந்த வேலை மறைந்துவிட்டது. வயதான பிறகு அந்தப் பெண்கள் பலர் தங்கள் கதையை ஒலிநாடாவில் சொல்லி வைத்தார்கள். அப்படிப்பட்ட பேட்டி ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் முதலில் முட்டிக்கொள்வது இத்தாலிய மொழியில் அல்ல, ஒருவர் பேசி முடிக்கும் முன்பே இன்னொருவர் பேசத் தொடங்கிவிடுவதில்தான்.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு துண்டைப் பாருங்கள். பேட்டி கொடுப்பவர்கள் அக்காவும் தங்கையும். ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் எழுத்தில் வடித்திருக்கிறார். அதை எதையும் விடாமல் தமிழாக்கினால் இப்படி வரும்:

கேள்வி: எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?
அக்கா: நாலு மணிக்கு, அதாவது, நாலரைக்கு, அப்புறம் கிளம்புவோம், இல்லையா, கிளம்பி [வரிசையா
தங்கை: [நாலு மணிக்கு. நாலுதான், அரையாவது ஒண்ணாவது.
அக்கா: ஆமா ஆமா, நாலு. அந்த மேஸ்திரி இருக்காரே, அவர் எங்களை =
கேள்வி: = மேஸ்திரி ரொம்பக் கண்டிப்போ?
அக்கா: ம்ம். (2.0) என்னத்தைச் சொல்ல.

சதுர அடைப்புக்குறி, இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம். சமக்குறி, இடைவெளியே இல்லாமல் அடுத்தவர் நுழைந்த இடம். வளைவுக்குள் இருக்கும் எண், மௌனம் எத்தனை வினாடி நீடித்தது என்பது. உரையாடலை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறியீடுகள் இவை. ஆய்வாளருக்கு இவை வேண்டும். பத்திரிகையில் வாசிப்பவருக்கு இவை கண்ணை உறுத்தும். ஆகவே சுத்தம் செய்தாக வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? “நாங்கள் காலை நான்கு மணிக்கு எழுந்து வரிசையாக வயலுக்குச் செல்வோம். மேற்பார்வையாளர் ஓரளவு கண்டிப்பானவர்தான்” என்று ஒரே பத்தியாகச் சேர்த்துவிடுகிறார்கள். படிக்க வழுவழுப்பாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் நடந்த மூன்று விஷயங்கள் காணாமல் போய்விட்டன. நேரத்தைத் திருத்தியது தங்கை. அக்காவுக்கு நினைவில் இருந்தது நாலரை. மேஸ்திரி ‘எங்களை’ என்ன செய்தார் என்று அக்கா சொல்ல வந்தார். கேள்வி கேட்டவரின் அவசரம் அதை அமுக்கிவிட்டது. கடைசியாக, கண்டிப்பா என்ற கேள்விக்கு அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ‘ஓரளவு கண்டிப்பானவர்’ என்பது மொழிபெயர்த்தவரே அவர் வாயில் வைத்த பதில்.

குறுக்கீடுகள் எல்லாம் ஒரே ரகமல்ல. இத்தாலியர் பேசும்போது கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ‘சி, சி’ என்றும் ‘எக்கோ’ என்றும் ‘செர்த்தோ’ என்றும் ஒலித்துக்கொண்டே இருப்பார். நம் ஊரில் கதை கேட்பவர் ‘ம்’ கொட்டுவதைப் போன்றதுதான். பேசுபவர் அதற்காக நிற்பதில்லை. இவற்றைத் தயங்காமல் நீக்கலாம். இன்னொரு வகையில், சொல் கிடைக்காமல் ஒருவர் தடுமாறும்போது அடுத்தவர் அதை எடுத்துக் கொடுப்பார், முதலாமவர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். அந்தச் சொல் யாருடையது என்பது தெரியுமாறு அதை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வகைதான் மேலே நாம் பார்த்த திருத்தமும் தடுப்பும். நான் பயன்படுத்தும் சோதனை எளிது: குறுக்கீட்டுக்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியதா? திரும்பியது என்றால் அந்தக் குறுக்கீடு அச்சில் இருக்க வேண்டும்.

அந்தச் சோதனைப்படி அதே துண்டு இப்படி அமையும்:

அக்கா: நாலரைக்கு எழுந்து வரிசையாகக் கிளம்புவோம்.
தங்கை (இடைமறித்து): நாலு மணிக்கு. நாலுதான், அரை எல்லாம் கிடையாது.
அக்கா: ஆமாம், நாலு. அந்த மேஸ்திரி இருக்காரே, அவர் எங்களை...
கேள்வி: ரொம்பக் கண்டிப்பானவரோ?
அக்கா: (சற்று மௌனம்) என்னத்தைச் சொல்ல.

‘அதாவது’ போய்விட்டதைக் கவனியுங்கள். இத்தாலியர் பேச்சில் ‘ச்சொயே’ என்ற இந்தச் சொல் ஓயாமல் வரும். பெரும்பாலும் மூச்சு வாங்கும் இடம்தான். ஆனால் மூலத்தில் இங்கே அது ‘நாலு’ என்றதை ‘நாலரை’ ஆக்கிய தன்திருத்தம். முதலில் சொன்ன நாலையும் சேர்த்து நீக்கியதால்தான் சொல்லையும் நீக்க முடிந்தது. அந்த முதல் ‘நாலு’ முக்கியம் என்று நினைப்பவர் இரண்டையும் வைக்கலாம். இப்படி ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டியிருப்பதால், இத்தாலிய எழுத்துப்படியிலேயே சுத்தம் செய்துவிட்டு மொழிபெயர்ப்பது ஆபத்து. அழுக்கோடு முழுதாகத் தமிழாக்கிவிட்டுப் பிறகு தமிழில் கழிப்பதே சரியான வரிசை.

அதற்கும் முன்னால் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். குரல்கள் மோதும் இடங்களில் எழுத்துப்படி அடிக்கடி ஆளை மாற்றிப் போடும். ஒரே மைக்கில் பதிவானால் இன்னும் அதிகம். இத்தாலிய மொழி இதில் ஒரு துப்பு தருகிறது. ‘நான் போனேன்’ என்பதை ஆண் சொன்னால் ‘சோனோ அந்தாத்தோ’, பெண் சொன்னால் ‘சோனோ அந்தாத்தா’. கணவரின் பெயருக்கு எதிரே ‘அந்தாத்தா’ என்று இருந்தால், பேசியது மனைவியாக இருக்கக்கூடும். அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். தமிழில் ‘போனேன்’ என்று எழுதிவிட்டால் இந்தத் துப்பு அழிந்துவிடும், பிறகு பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டும் புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், ‘தெளிவாகக் கேட்கவில்லை’ என்று போட்டுவிடுவதே நேர்மை.

பிழையைத் திருத்தும் ஆசையும் சுத்தம் என்ற பெயரில்தான் உள்ளே வரும். தெர்னி நகர எஃகு ஆலைத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோவில் சேருவதை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளிகளைப் பேட்டி கண்டபோது, பலர் அந்தச் சாவை 1953-இல் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆண்டில்தான் ஆலை 2,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது, தெருக்களில் மோதல் வெடித்தது. தங்கள் வாழ்க்கையை உடைத்த நிகழ்ச்சியோடு அந்த மரணத்தை ஊர் சேர்த்துவைத்துக்கொண்டது என்று போர்தெல்லி காட்டினார். பிரதியில் 1949 என்று யாராவது ‘சரி’ செய்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இருந்திருக்காது. பேசியவர் சொன்ன ஆண்டு பேச்சில் அப்படியே இருக்கட்டும். உண்மையான ஆண்டை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

தமிழ் நடையைப் பற்றி ஒரு சொல். வெர்செல்லிப் பெண்ணுக்குத் தஞ்சாவூர் வட்டார வழக்கைப் போட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. வாசகர் கண்முன் வேறொரு ஊர் எழுந்துவிடும். முழு எழுத்து நடையோ அந்தப் பெண்ணை ஆசிரியை ஆக்கிவிடும். எந்த ஊர் என்று அடையாளம் தெரியாத, ‘நான்கு’ என்னாமல் ‘நாலு’ என்கிற எளிய பேச்சுத்தமிழ் போதும்.

மொழிபெயர்த்த பேட்டியை வெளியிடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஆமோதிப்பு ஒலிகளையும் வெற்றுச் சொற்களையும் நீக்கியிருக்கிறோம், பேச்சின் வரிசையை மாற்றவில்லை, மூன்று புள்ளி என்றால் பேச்சு பாதியில் நின்றது’ என்பது போல, என்ன செய்தீர்கள் என்பதைப் பேட்டியின் தலைப்பிலேயே சொல்லுங்கள். இரண்டு வரி போதும். ஒலிப்பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.