எதிர்மறை ஆகாரமும் வினை வடிவ மயக்கமும்

‘அவன் வந்தான்’ என்னும் தொடரை எதிர்மறையாக்குக என்ற வினாவிற்கு ‘அவன் வாரான்’ என விடை எழுதுவோர் பலர். எதிர்மறை அமைந்துவிட்டது, ஆயின் காலம் நழுவிவிட்டது. ‘வாரான்’ என்பதில் கால இடைநிலை இல்லை. அது பெரும்பாலும் இனி நிகழாமையையோ வழக்கமாக நிகழாமையையோ சுட்டும். இறந்தகாலத்தைக் காத்து மறுக்க வேண்டுமாயின் ‘வந்திலன்’ என்றோ, இன்றைய வழக்கில் ‘வரவில்லை’ என்றோ அமைத்தல் வேண்டும். ‘வந்திலன்’ என்பதில் தகரம் காலத்தையும் ‘இல்’ எதிர்மறையையும் தனித்தனியே தாங்கி நிற்கின்றன.

எதிர்மறையை அமைப்பதினும் அதனை இனங்காண்பதே கடினம். ‘ஆ’ என்னும் இடைநிலையைக் கண்டதும் எதிர்மறை எனத் துணிந்துவிடலாம். எனினும் அச்சொல் முற்றா எச்சமா என்பது அதனால் மட்டும் விளங்காது. ‘உண்ணாத’ என்பதில் ஐயமில்லை. இறுதி அகரம் பெயரெச்ச விகுதி. ‘உண்ணாது’ என்பதே மயக்கம் தருவது. ‘பசு வைக்கோலை உண்ணாது’ என்புழி அது ஒன்றன்பால் எதிர்மறை வினைமுற்று. ‘முருகன் உண்ணாது சென்றான்’ என்புழி எதிர்மறை வினையெச்சம். ஆண்பால் எழுவாய்க்கு ‘உண்ணான்’ என்பதே முற்றாக வரும் என்பதால் இங்கு எழுவாயே வழிகாட்டுகிறது.

‘பசு உண்ணாது நின்றது’ என்னும் தொடரில் அவ்வழி அடைபடுகிறது. பசு ஒன்றன்பால் ஆதலின் இரு வடிவும் எழுவாயோடு பொருந்தும். இங்கு ‘உண்ணாமல்’ என மாற்றிப் பார்த்தலே தக்க சோதனை. ‘பசு உண்ணாமல் நின்றது’ எனப் பொருள் சிதையாது நிற்றலின் அது வினையெச்சமே. ‘பசு வைக்கோலை உண்ணாது’ என்பதில் அம்மாற்றத்தைச் செய்தால் தொடர் முடிவின்றித் தொங்கும்.

‘ஆ’ என்பதே இறுதியாக நிற்கும் வடிவில் புணர்ச்சி துணைசெய்கிறது. ‘உண்ணாப் பசுக்கள்’ என வல்லொற்று மிகுமாயின் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். உண்ணாத பசுக்கள் என்பது பொருள். ‘உண்ணா பசுக்கள்’ என இயல்பாக நின்றால் அது பலவின்பால் எதிர்மறை வினைமுற்று; பசுக்கள் உண்ணமாட்டா என்பதே முன்பின்னாக நிற்கிறது. பன்மை முற்றின் ஆகாரத்தின் முன் வல்லினம் மிகாது என்பது நன்னூல் நெறி. வினாத்தாளில் ஒற்று விடுபட்டு அச்சாகுமானால் வினாவே வேறாகிவிடும். ‘உண்ணா யானை’ போன்று வருமொழி வல்லினமல்லாதவிடத்து இச்சான்று கிட்டாது. அங்குத் தொடர்ப்பொருளையே நோக்க வேண்டும்.

இவற்றிற்கு அப்பால், எதிர்மறையே அல்லாத ‘செய்யா’ ஒன்றும் உண்டு. ‘உண்ணா வந்தான்’ என்பதற்கு இலக்கண நூலார் கொள்ளும் பொருள் ‘உண்டு வந்தான்’ என்பது. ‘செய்து’ முதலாய வாய்பாடுகளோடு ‘செய்யா’ என்பதும் உடன்பாட்டு வினையெச்சமாக நன்னூலில் எண்ணப்படுகிறது. இன்றைய உரைநடையில் இது வழக்கிழந்தது. பழம்பாடலடியை வைத்து வினா எழும்போது மட்டும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அங்கும் ‘உண்டு’ என மாற்றினால் பொருள் இயையுமா, ‘உண்ணாத’ என மாற்றினால் இயையுமா என நோக்குதலே வழி.