முதுகில் பதினாறு லிட்டர்

காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கப் பரவலாகப் பயன்படுவது 16 லிட்டர் கைத்தெளிப்பான். நிரப்பினால் முதுகில் ஏறும் எடை 20 கிலோவை நெருங்கும். வீட்டு மாடித் தோட்டத்துக்கு 2 லிட்டர் போதும். பெரிதாக வாங்கி அவதிப்பட வேண்டாம்.

இடது கை நெம்புகோலை நிமிடத்துக்குப் 15 முதல் 20 தடவை சீராக அடித்தால் அழுத்தம் நிற்கும். அதற்கு மேலும் அடிக்க வேண்டியிருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும்.

பூச்சிமருந்துக்குக் கூம்பாகச் சிதறும் நாசில். இலையின் அடிப்புறமும் நனையும். களைக்கொல்லிக்கு விசிறிபோல் விரியும் நாசில். அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பழைய பல்துலக்கி போதும்.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றாமலே கழுவுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, குழாய், நாசில் வழியாகவே வெளியேற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. அந்த நீரை மருந்தடித்த நிலத்திலேயே தெளியுங்கள், கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. 2,4-டி களைக்கொல்லியின் மிச்சம் தக்காளி, பருத்தி இலைகளைச் சுருட்டிவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.