சுருள்வில்லை இழுக்க எவ்வளவு வேலை?

விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 5 கிலோ அரிசிப் பையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் சுமார் 50 நியூட்டன் விசை, 1 மீட்டர் தூரம், ஆக 50 ஜூல் வேலை. தூக்கத் தொடங்கும்போதும் தூக்கி முடிக்கும்போதும் பையின் கனம் ஒன்றேதான். அதனால்தான் ஒரே பெருக்கலில் கணக்கு முடிகிறது.

ஸ்பிரிங் என்று நாம் சொல்லும் சுருள்வில்லை இழுக்கும்போது அப்படி முடியாது. முதலில் விரலால் இழுத்தாலே நீள்கிறது. போகப்போக முழுக் கையின் பலமும் தேவைப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் விசை வேறு. அப்படியானால் எந்த விசையைத் தூரத்தால் பெருக்குவது?

விசை எப்படி மாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். தன் முடிவை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678-ல் அதை விடுவித்தார். இரண்டு மடங்கு நீட்ட இரண்டு மடங்கு விசை வேண்டும், மூன்று மடங்கு நீட்ட மூன்று மடங்கு வேண்டும் என்பதே அதன் சாரம். இதை F = kx என்று எழுதுகிறோம். x என்பது இயல்பான நீளத்துக்கு மேல் வில் நீண்ட அளவு. k என்பது வில்லின் விறைப்பைச் சொல்லும் எண். அதற்குச் சுருள்வில் மாறிலி என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சுருள்வில்லை ஆணியில் மாட்டி 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 2 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோவின் எடை ஏறத்தாழ 10 நியூட்டன். அது 0.02 மீட்டர் நீட்டுவதால் k-யின் மதிப்பு மீட்டருக்கு 500 நியூட்டன். இந்த வில்லை 10 சென்டிமீட்டர் நீட்ட எவ்வளவு வேலை செய்ய வேண்டும்?

கடைசியில் இருக்கும் விசை 500 × 0.1, அதாவது 50 நியூட்டன். இதை அப்படியே 0.1 மீட்டரால் பெருக்கி 5 ஜூல் என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் பிழை. அந்த 50 நியூட்டன் கடைசி நொடியில் மட்டுமே தேவைப்பட்டது. அதற்கு முன் வழி நெடுகக் குறைந்த விசையே போதுமானதாக இருந்தது.

எனவே தூரத்தைத் துண்டுகளாக்குவோம். 10 சென்டிமீட்டரை 2 சென்டிமீட்டர் கொண்ட ஐந்து துண்டுகளாகப் பிரித்தால், துண்டுகளின் முடிவில் விசை முறையே 10, 20, 30, 40, 50 நியூட்டன். ஒவ்வொரு துண்டிலும் முடிவிலுள்ள விசையே தொடக்கத்திலிருந்து இருந்ததாகக் கொண்டால், மொத்தம் 150 × 0.02 = 3 ஜூல். இது உண்மையைவிடக் கூடுதல். தொடக்கத்திலுள்ள விசையை, அதாவது 0, 10, 20, 30, 40 என்று எடுத்துக்கொண்டால் 2 ஜூல். இது உண்மையைவிடக் குறைவு. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

துண்டுகளைச் சிறிதாக்கினால் இந்த இடைவெளி சுருங்கும். 1 சென்டிமீட்டர் துண்டுகள் பத்து என்றால் விடை 2.25-க்கும் 2.75-க்கும் இடையில் வரும். 1 மில்லிமீட்டர் துண்டுகள் நூறு என்றால் 2.475-க்கும் 2.525-க்கும் இடையில். இன்னும் நுணுக்கிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் நெருங்கி 2.5 ஜூலில் வந்து சேர்கின்றன. நுணுக்கிக் கூட்டும் இந்த வேலையைத்தான் தொகையிடல் என்கிறோம். அதற்கான ∫ குறியை 1675-ல் உருவாக்கிய லைப்னிட்ஸ், கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தான S-ஐத்தான் நீட்டி எழுதினார். எழுதினால் இப்படி:

W = ∫ kx dx = ½kx²

நம் வில்லுக்கு ½ × 500 × 0.1 × 0.1 = 2.5 ஜூல். நூறு பெருக்கல்களைச் செய்து கூட்டியும் நெருங்க மட்டுமே முடிந்த விடையை, தொகையிடல் ஒரே வரியில் துல்லியமாகத் தந்துவிடுகிறது.

இதையே வரைபடமாகவும் பார்க்கலாம். கிடையாக நீட்சியையும் செங்குத்தாக விசையையும் குறித்தால், மூலையிலிருந்து சாய்வாக ஏறும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் கீழே இருக்கும் முக்கோணத்தின் பரப்புதான் வேலை. அடிப்பக்கம் 0.1 மீட்டர், உயரம் 50 நியூட்டன், பாதிப் பெருக்கல் 2.5. சூத்திரத்திலுள்ள அந்த ½ முக்கோணத்திலிருந்துதான் வருகிறது.

இப்போது அதே வில்லை 10 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை இழுத்தால்? கூடுதலாக நீள்வது அதே 10 சென்டிமீட்டர்தானே, இன்னொரு 2.5 ஜூல் போதும் என்று தோன்றும். ஆனால் இயல்பு நீளத்திலிருந்து 20 சென்டிமீட்டர் நீட்ட மொத்தம் 10 ஜூல் வேண்டும். முன்பே செய்த 2.5 ஜூலைக் கழித்தால் இரண்டாவது இழுப்புக்கு 7.5 ஜூல், அதாவது முதல் இழுப்பைப்போல மூன்று மடங்கு. x-ஐ எப்போதும் இயல்பு நீளத்திலிருந்தே அளக்க வேண்டும் என்பதை மறந்தால் தேர்விலும் பட்டறையிலும் விடை தவறும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. 5 கிலோ எடையைக் கையால் தாங்கியபடி மெல்ல இறக்கினால் நம் வில் 10 சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். எடை இழந்த ஆற்றல் 50 × 0.1 = 5 ஜூல். அதில் 2.5 ஜூல் வில்லில் சேர்கிறது, மீதி 2.5 ஜூலைத் தாங்கிப்பிடித்த கை வாங்கிக்கொள்கிறது. வில் நீளாத நிலையில் எடையை மாட்டிக் கையைச் சட்டென விட்டுவிட்டாலோ, அந்த மீதியை வாங்க யாருமில்லை. எடை 10 சென்டிமீட்டரில் நிற்காமல் 20 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. அங்கே எடை இழந்ததும் 10 ஜூல், வில்லில் சேர்ந்ததும் 10 ஜூல். அந்தக் கணத்தில் வில்லின் இழுவிசை 100 நியூட்டன், எடையைப்போல இரு மடங்கு. மெல்ல ஏற்றிய சுமையைத் தாங்கும் கொக்கி, திடீரென விட்ட அதே சுமையில் அறுந்துபோவதற்கு இதுவே காரணம்.

½kx² எங்கெல்லாம் பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும். துணித் தொட்டிலை மாட்டும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் சுருள்கள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டியிருக்கும். சுற்றும்போதே இப்படி இறுக்கிச் சுற்றிய வில்லை லேசாக இழுத்தால் அசையவே அசையாது. குறிப்பிட்ட விசையைத் தாண்டிய பிறகுதான் சுருள்கள் விலகும். அந்தத் தொடக்க விசை 20 நியூட்டன் என்றால் F = 20 + kx. மாறிலி அதே 500 என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் நீட்ட 20 × 0.1 + 2.5 = 4.5 ஜூல் வேண்டும். வரைபடத்தில் முக்கோணத்தின் அடியில் ஒரு செவ்வகம் சேர்ந்துவிடுகிறது. எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் குறித்துப் பாருங்கள். கோடு மூலையிலிருந்து புறப்படாவிட்டால் வில் இந்த வகைதான்.

அதிகமாக இழுத்துவிட்டால் இன்னொரு சிக்கல். மீட்சி எல்லையைத் தாண்டிய வில் விட்ட பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அங்கே கோடும் வளைந்துவிடும், ஹூக் விதியும் செல்லாது. ஆனால் தொகையிடல் அப்போதும் செல்லும். கட்டம்போட்ட தாளில் வளைகோட்டை வரைந்து, அதன் கீழுள்ள கட்டங்களை எண்ணினாலே செய்த வேலை கிடைத்துவிடும்.

ஆகவே மாணவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ½kx² என்று எழுதுவதற்கு முன், விசை தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று ஒரு படம் வரையுங்கள். சூத்திரம் ஹூக் விதிக்குக் கட்டுப்பட்ட வில்லுக்கு மட்டுமே உரியது. கோட்டின் கீழுள்ள பரப்பே வேலை என்பது எந்த விசைக்கும் பொருந்தும்.