மூன்று அட்டைகள், ஒரே மருந்து: ஐபுபுரோஃபென் உண்போர் போட வேண்டிய ஒரு கூட்டல் கணக்கு

காய்ச்சல், உடல்வலி, பல்வலி, மூட்டுவலி ஆகியவற்றுக்கு நம் வீடுகளில் பரவலாகப் பயன்படும் மருந்துகளுள் ஒன்று ஐபுபுரோஃபென். உரிய அளவில் சில நாட்கள் மட்டும் உண்டால், உடல்நலமுள்ள பெரும்பாலோருக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால், வயிற்றில் இரத்தக்கசிவோடும் சிறுநீரகப் பாதிப்போடும் வருவோரிடம் உண்ட மருந்துகளைக் கேட்டறியும்போது, ஒரே மருந்தை வெவ்வேறு பெயர்களில் உண்டிருப்பதை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம். அளவை மீற வேண்டும் என்று அவர்களுள் எவரும் எண்ணியிருப்பதில்லை. ஒவ்வோர் அட்டையையும் தனித்தனியே கணக்கிட்டதே அவர்கள் செய்தது.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 அல்லது 400 மில்லிகிராம் போதுமானது. இரு வேளைகளுக்கிடையே ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளி தேவை. மருத்துவரின் அறிவுரையின்றி ஒரு நாளில் 1,200 மில்லிகிராமைக் கடக்கலாகாது. அதாவது 400 மில்லிகிராம் மாத்திரை மூன்று. முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருத்துவர்கள் இதைவிடக் கூடுதலாகத் தருவதுண்டு. அது சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்துக்கொண்டே தரும் அளவு. சாதாரண வலிக்கு ஒரே வேளையில் 400 மில்லிகிராமுக்கு மேல் உண்பதால் வலி கூடுதலாகக் குறைவதில்லை. பக்கவிளைவு மட்டுமே கூடுகிறது. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து உண்ண வேண்டாம்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதான ஒருவருக்கு முழங்கால் வலி. அதற்காக 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனை நாளுக்கு மூன்று வேளை உண்டு வருகிறார். இடையே சளியும் காய்ச்சலும் வருகின்றன. மருந்துக் கடையில் காய்ச்சலுக்கென ஒரு மாத்திரை கிடைக்கிறது. அதில் ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்துள்ளன. காலையும் இரவும் ஒன்று உண்கிறார். மூக்கடைப்புக்கு, வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த சளி மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதில் மூக்கடைப்பு நீக்கும் மருந்தோடு 200 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனும் உள்ளது; அதிலும் நாளுக்கு மூன்று.

இப்போது கூட்டுவோம். முழங்காலுக்கு 1,200, காய்ச்சலுக்கு 800, சளிக்கு 600. மொத்தம் 2,600 மில்லிகிராம். ஒவ்வோர் அட்டையையும் அவர் அளவோடுதான் உண்டிருக்கிறார். ஆயினும் நாள் அளவு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. காய்ச்சலால் அவர் சரியாக உண்ணவும் இல்லை, நீர் அருந்தவும் இல்லை. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உண்பவராக இருந்தால், அவருடைய சிறுநீரகத்தின் மீது ஒரே நேரத்தில் மூன்று சுமைகள் விழுகின்றன.

உணவுக்குப் பின் உண்டால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். உணவோடோ பாலோடோ உண்பது நல்லதே. குமட்டலும் நெஞ்செரிச்சலும் குறையும். ஆனால் உணவு தரும் காப்பு அவ்வளவே. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலம் உருவாக, புரோஸ்டாகிளாண்டின் எனும் பொருள் தேவை. வலியைக் குறைப்பதற்காக ஐபுபுரோஃபென் தடுப்பதும் இதே பொருளைத்தான். மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்த பிறகே இந்தத் தடை பெரிதும் நிகழ்வதால், வயிறு நிறைய உண்டிருந்தாலும் புண் உண்டாகக்கூடும். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காப்பதிலும் அதே பொருளுக்குப் பங்குண்டு. ஆகவே, கூடுதல் அளவை உணவால் ஈடுசெய்ய இயலாது. வாந்தியால் எதையும் உண்ண முடியாத நாளில், வெறும் வயிற்றில் இதை உண்பதைவிட நிறுத்திவைப்பதே மேல்.

இரட்டை அளவைத் தவிர்க்க, அட்டையில் பெரிய எழுத்திலுள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்திலுள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவது வழக்கம். அப்போது அந்தச் சிறிய எழுத்துப் பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. மருந்தின் பெயரையும் அளவையும் உறையின் மேல் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள். “இதில் ஐபுபுரோஃபென் இருக்கிறதா?” என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நப்ராக்சென், மெஃபனாமிக் அமிலம் ஆகியவை ஐபுபுரோஃபெனின் இனத்தைச் சேர்ந்தவை. பெயர் வேறாயினும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அவை செய்வது ஒன்றே. இவற்றுள் ஒன்றை உண்ணும் நாளில் மற்றொன்று வேண்டாம். பாராசிட்டமால் வேறு இனம். ஆயினும் அதற்கும் கூட்டல் கணக்கு உண்டு. நம் கடைகளில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் அது கலந்திருக்கிறது. எல்லா அட்டைகளையும் சேர்த்து, உடல்நலமுள்ள பெரியவருக்கு நாளுக்கு 4,000 மில்லிகிராம் அதன் உச்ச வரம்பு. கல்லீரல் நோய் உள்ளோருக்கும் மது அருந்துவோருக்கும் வரம்பு இதைவிடக் குறைவு. குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இவ்விரண்டும் கலந்து வருவதுண்டு. குழந்தையின் எடையைக் கொண்டு மருத்துவர் கணக்கிட்டுத் தரும் அளவே சரியானது.

மேற்சொன்ன முழங்கால் வலிக்காரர் என்ன செய்திருக்கலாம்? காய்ச்சல் தொடங்கிய அன்றே முழங்கால் மாத்திரையை நிறுத்திவிட்டு, பாராசிட்டமால் மட்டும் உண்டு, நிறைய நீர் அருந்தியிருக்கலாம். சளிக்கு, வலி மருந்து கலவாத மாத்திரையைக் கேட்டு வாங்கியிருக்கலாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். ஐபுபுரோஃபென் தட்டணுக்களின் செயலையும் மட்டுப்படுத்துவதால் இரத்தக்கசிவு கூடக்கூடும். டெங்கு இல்லை என உறுதியாகும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே ஏற்றது.

வயிற்றுப்புண் வந்தவர்கள், சிறுநீரக நோய் அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், வலி மாத்திரையால் மூச்சுத்திணறல் வந்த ஆஸ்துமா நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரைகூட உண்ண வேண்டாம். இதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்போரும் அவ்வாறே. ஐபுபுரோஃபென் அதன் பயனைக் குறைத்துவிடக்கூடும்.

மலம் தார்போலக் கறுத்துப் போதல், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், முகத்திலோ காலிலோ புதிதாக வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அறியாமல் இரட்டை அளவு உண்டுவிட்டது தெரியவந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே தெரிவியுங்கள். வரும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், வெட்டிய துண்டுகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டலை நாங்கள் உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.