கட்டில் உள்ளே நகரும் முன்

“உள்ள கொஞ்சம் சத்தமா இருக்கும், பயப்படாதீங்க.” எம்.ஆர்.ஐ. அறை வாசலில் அவசரமாகச் சொல்லப்படும் இந்த வரியில் தகவல் என்று எதுவும் இல்லை. என்ன சத்தம், எவ்வளவு நேரம், நடுவில் முடியவில்லை என்றால் என்ன செய்வது? எதற்கும் பதில் கிடையாது. பயப்பட ஏதோ இருக்கிறது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

சொல்லும் விதம் வலியையே மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. பாஸ்டன் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. ஒரு பாதிப் பேரிடம் “அந்த இடம் மரத்துவிடும், சௌகரியமாக இருப்பீர்கள்” என்றார்கள். மறு பாதியிடம் “பெரிய தேனீ கொட்டுவது போல இருக்கும், இருப்பதிலேயே மோசமான கட்டம் இதுதான்” என்றார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முதல் குழுவின் நடுமதிப்பு 3, மற்றதில் 5. போட்டது ஒரே ஊசிதான்.

அதற்காகப் பூசி மெழுகவும் கூடாது. சத்தமே இருக்காது என்று சொல்லி அனுப்பினால், முதல் அதிர்விலேயே சொன்னவர் மீதிருந்த நம்பிக்கை போய்விடும். பலமான காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள்களில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வதால் அவை அதிர்கின்றன. அந்தச் சத்தம்தான் கேட்கிறது. காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தருவதும் அதனால்தான்.

முழங்கால் வலிக்காக வந்த அறுபது வயது அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: “அம்மா, கட்டில் மெதுவா உள்ளே போகும். ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும். மெஷின் டொக் டொக்னு தட்டும், அப்புறம் டர்ர்னு ஓடும். படம் எடுக்கிற சத்தம் அது. நடுவுல நின்னுடும், முடிஞ்சிடுச்சுன்னு எழுந்துடாதீங்க, அடுத்த படம் ஆரம்பிக்கும். மொத்தம் அரை மணி நேரம் ஆகலாம். இந்த ரப்பர் பல்பைக் கையில வச்சுக்கோங்க. அமுக்கினா உடனே பேசுவேன்.”

இதில் ‘எழுந்துடாதீங்க’ என்ற இடத்தை விட்டுவிடவே கூடாது. சத்தம் நின்றதும் அம்மா காலை மடக்கினால் அடுத்த படம் கலங்கிவிடும், மறுபடி எடுக்க வேண்டும். பல்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒருமுறை அமுக்கச் சொல்லி மணியைக் கேட்க வைக்க வேண்டும். “நடுவுல சத்தம் நின்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டு, அவர் வாயாலேயே பதிலைச் சொல்ல வைப்பதும் நல்லது. உடை மாற்றும் முன்பே இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். கட்டிலில் படுத்து, காதில் ஹெட்போனும் ஏறிய பிறகு சொன்னால் பாதிதான் போய்ச் சேரும்.

ஆனால் பேஸ்மேக்கர், மூளையில் பொருத்திய கிளிப், தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்கு பற்றிய கேள்விகளில் இதமான சொல் தேட வேண்டாம். அவற்றை நேரடியாக, ஒவ்வொன்றாக, பதில் வரும்வரை கேட்கத்தான் வேண்டும். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுகிறவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. அவர்களுக்கு மயக்க மருந்து தேவையா என்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்வார்.