மாதிரித் தேர்வு முடிந்தபின் கேள்விகளுக்கு ஒரு தேர்வு

கொலைக்கு எந்தப் பிரிவில் தண்டனை என்று கேட்டால், சினிமா பார்க்கிற யாரும் 302 என்று சொல்லிவிடுவார்கள். சட்டத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவில் இருக்கிறது. பயிற்சி மையங்களின் பழைய வினா வங்கிகளில் இப்படி எத்தனை கேள்விகள் காலாவதியாகிக் கிடக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களே பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை வினாப் பகுப்பாய்வு என்கிறார்கள். நூறு பேர் மாதிரித் தேர்வு எழுதியதாக வைத்துக்கொள்வோம். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 பேரையும் கீழிருந்து 27 பேரையும் தனியே எடுக்க வேண்டும். 27 சதவீதம் என்ற அளவு 1939இல் ட்ரூமன் கெல்லி எழுதிய கட்டுரையிலிருந்து வழக்கத்துக்கு வந்தது. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும், நான்கு விடைகளில் எதை மேல் அணியில் எத்தனை பேர், கீழ் அணியில் எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ண வேண்டும். சரியான விடையை மேல் அணியில் குறித்தவர்களிலிருந்து கீழ் அணியில் குறித்தவர்களைக் கழித்து 27ஆல் வகுத்தால், அந்தக் கேள்வி படித்தவரையும் படிக்காதவரையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது தெரியும்.

முதலில், ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கேள்வி. 17 வயதுப் பையன் தன் நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் செய்கிறான். அதன் நிலை என்ன? தொடக்கத்திலிருந்தே அது செல்லாது என்பதே விடை. மொகோரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இதற்கு அடிப்படை. மேல் அணியில் 21 பேரும் கீழ் அணியில் 8 பேரும் இதைக் குறித்தால், 13ஐ 27ஆல் வகுக்க 0.48 வருகிறது. நல்ல கேள்வி. ‘பையன் விரும்பினால் மறுக்கலாம்’ என்ற விடைக்குக் கீழ் அணியில் 13 பேரும் மேல் அணியில் 5 பேரும் போயிருந்தால், அதுவும் நல்ல தவறான விடைதான். அரைகுறையாகப் படித்தவர் விழும் இடம் அது. ‘செல்லும்’ என்று மேலே ஒருவரும் கீழே 5 பேரும் குறித்திருக்கிறார்கள். அதுவும் இருக்கட்டும்.

‘குற்றமாகும்’ என்ற நான்காவது விடையைக் கீழ் அணியில் ஒரே ஒருவர் தொட்டிருக்கிறார். அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘18 வயதானதும் அவன் ஏற்றுக்கொண்டால் அன்று முதல் செல்லும்’ என்று அதை மாற்றலாம். அதுவும் நம் சட்டப்படி தவறுதான், ஆனால் மாணவர்கள் நம்பக்கூடிய தவறு.

இப்போது கொலைக் கேள்வி. விடைக்குறிப்பில் 302 என்றே இருக்கிறது. மேல் அணியில் 8 பேர் அதைக் குறித்திருக்கிறார்கள்; கீழ் அணியில் 14 பேர். கணக்கு மைனஸ் 0.22. மேல் அணியில் 18 பேர் 103ஐக் குறித்திருக்கிறார்கள், கீழ் அணியில் 6 பேர். நன்றாகப் படித்தவர்கள் தோற்று, மற்றவர்கள் வெல்லும் கேள்வி இது. மைனஸ் வந்தால் முதலில் விடைக்குறிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விடைக்குறிப்பை 103 என்று திருத்திவிட்டால் போதுமா? பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேல் அணியின் அந்த 8 பேரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ‘குற்றம் எப்போது நடந்தது என்று கேள்வியில் இல்லையே?’ என்று அவர்களில் யாராவது கேட்டால், அவர் சொல்வது நியாயம். குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டனை. 2024 ஜூலைக்கு முன் நடந்த கொலைக்கு இன்றைக்கும் 302தான். ஆகவே தேதி இல்லாத இந்தக் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன. இந்த முறை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். அடுத்த முறை ‘2024 ஆகஸ்ட் 10 அன்று நடந்த கொலைக்கு’ என்று எழுத வேண்டும்.

எண்கள் சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்புச் சொல்வது சட்டப் புத்தகம்தான். இருபது பேர் மட்டும் எழுதிய தேர்வில் ஓரிருவரின் குருட்டு ஊகமே கணக்கைப் புரட்டிவிடும். விடைக்குறிப்பில் நிறையத் தவறுகள் இருந்தால், யார் மேல் அணி என்பதே பிழையாகிவிடும். அப்போது குறிப்பைத் திருத்தி, மதிப்பெண்ணை மறுபடி கூட்டிவிட்டுத்தான் அணி பிரிக்க வேண்டும். ஒரு கேள்வி எல்லோருக்கும் கடினமாக இருந்தது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கிப் போடவும் கூடாது.

மாதிரித் தேர்வு எழுதும் மாணவர்கள், தங்கள் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் குறித்தார்கள் என்ற பட்டியலையும் மையத்திடம் கேட்டு வாங்குங்கள்.