மொழிபெயர்ப்பாளரின் சுயவிவரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு முதல் சில மாதங்களிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளரின் உதவி தேவைப்பட்டுவிடுகிறது. கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழோ திருமணச் சான்றிதழோ தமிழில் இருக்கும். விசா அலுவலகம் அதை ஆங்கிலத்தில் கேட்கும். விசாரித்தால் நாலைந்து பேரின் சுயவிவரங்கள் வந்து சேரும். பெரும்பாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: 'தமிழ் – ஆங்கிலம். சட்டம், மருத்துவம், வணிகம், தொழில்நுட்பம் உட்பட எல்லாத் துறைகளும். நாட்டி சான்று பெற்றவர்.'

படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் பிறப்புச் சான்றிதழை இவரிடம் அனுப்பலாமா கூடாதா என்று படிப்பவருக்கு இதிலிருந்து தெரியாது. சுயவிவரம் என்ற ஒன்று இருப்பதே அதைத் தெரிவிக்கத்தான்.

'நாட்டி' என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்கும் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் ஆஸ்திரேலியத் தேசிய அமைப்பு. 1977-இல் தொடங்கப்பட்டது. எழுத்தில் இருப்பதை எழுத்தில் மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை அப்போதே பேச்சில் மாற்றுபவர் உரைபெயர்ப்பாளர். இரண்டுக்கும் தேர்வு வேறு, சான்று வேறு. நன்றாக எழுதுபவர் மருத்துவர் அறையில் நோயாளிக்கு அருகே நின்று அதே வேகத்தில் பேசிவிடுவார் என்பதற்கு உறுதி இல்லை, மறுதலையும் அப்படித்தான். ஆகவே, சுயவிவரத்தில் 'நாட்டி சான்று' என்று மட்டும் இருந்தால் அடுத்த கேள்வி 'எந்தச் சான்று?' என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

எழுத்து மொழிபெயர்ப்பில் இன்னொரு பிரிவும் உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மொழிபெயர்ப்பாளருக்கான சான்று திசை பார்த்து வழங்கப்படுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஒரு தேர்வு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வேறொரு தேர்வு. ஒன்றில் தேறியவர் மற்றதிலும் தேறியவராகக் கருதப்படுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ படித்து வளர்ந்து, அரசுச் சுகாதாரத் துண்டறிக்கைகளை அருமையான தமிழில் தருகிற ஒருவர், தமிழுக்குள் மொழிபெயர்க்கும் சான்றை மட்டும் வைத்திருக்கலாம். அவருடைய முத்திரை, ஆங்கிலத்துக்குப் போக வேண்டிய உங்கள் பிறப்புச் சான்றிதழுக்குப் பொருந்தாது. 'தமிழ் – ஆங்கிலம்' என்று நடுவில் ஒரு கோடு போடும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. தொழில்முறைப் பட்டியல்களில் இதற்காகவே `ta > en`, `en > ta` என்று அம்புக்குறியோடு தனித்தனியாக எழுதுகிறார்கள். தமிழில் எழுதுவதானால் 'தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு' என்று முழுதாக எழுதிவிடலாம். சில எழுத்துகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

திசைக்கு அடுத்து தேதி. 2018-இல் நடைமுறைக்கு வந்த இன்றைய முறைப்படி, சான்று மூன்றாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதைப் புதுப்பிக்க, அந்தக் காலத்தில் தொடர்ந்து வேலை செய்ததையும் பயிற்சிகளில் பங்கேற்றதையும் காட்ட வேண்டும். 'சான்று பெற்றவர்' என்று போட்டுவிட்டு எதுவரை செல்லும் என்பதைப் போடாத சுயவிவரம் பாதித் தகவலைத்தான் தருகிறது. முத்திரையிலேயே மொழிபெயர்ப்பாளரின் பெயர், எண், சான்றின் வகை, திசை, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். எண்ணைக் கேட்டு வாங்கினால், அந்த அமைப்பின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்பதை நேர்மையான மொழிபெயர்ப்பாளர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'சி.சி.எல்.' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதையும் நாட்டியே நடத்துகிறது. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் 5 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகத் தமிழ் இளைஞர்கள் பலர் எழுதுகிறார்கள். இரண்டு உரையாடல்களைக் கேட்டு மாற்றிச் சொல்ல வேண்டும். தேர்ச்சி பெற மொத்தம் 90 மதிப்பெண்ணில் குறைந்தது 63 எடுக்க வேண்டும். சமூக அளவில் இரு மொழிகளையும் கையாள முடியும் என்பதற்கான சோதனை அது. அதில் தேறியவர் மொழிபெயர்ப்பாளராகவோ உரைபெயர்ப்பாளராகவோ சான்று பெற்றவர் ஆகிவிடுவதில்லை. சுயவிவரத்தில் சான்று என்ற தலைப்பின்கீழ் இது மட்டுமே இருந்தால், விசா ஆவணத்தை அங்கே அனுப்பக் கூடாது.

இனி ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஒரு நகராட்சி நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். பிறப்பைப் பதிவு செய்த நாளில் குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 'பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை அதில் போட்டுவிடுங்கள்' என்று சிலர் கேட்பதுண்டு. மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்ய முடியாது. காலியாக இருப்பதைக் காலி என்றே ஆங்கிலத்தில் குறிப்பார். பெயரைச் சேர்ப்பது பதிவாளர் அலுவலகத்தின் வேலை. முதலில் அங்கே போய்ச் சேர்த்துவிட்டு, புதிய சான்றிதழைத்தான் மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பெயரின் எழுத்துக்கூட்டல். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுத முடியும்; தமிழ்நாட்டு வழக்கம் ஒன்று, இலங்கை வழக்கம் வேறு. மொழிபெயர்ப்பில் ஒரு விதமும் பாஸ்போர்ட்டில் வேறு விதமும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி விசா அதிகாரிக்கு எழும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள், பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பும்படி சுயவிவரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். தலைப்பெழுத்து விஷயம் இன்னும் நுட்பமானது. சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தந்தை பெயர், பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயராகிவிடும். மொழிபெயர்ப்பாளர் சான்றிதழில் உள்ளபடி ஒற்றை எழுத்தாகவே விடுவார். தேவையானால் தம் குறிப்பு என்று தனியே அடையாளமிட்டு விளக்குவார். மூலத்தில் இல்லாததை உள்ளே நுழைத்தால் மொழிபெயர்ப்பே செல்லாமல் போகலாம்.

முத்திரைகள், ஓரத்தில் கையால் எழுதிய குறிப்புகள், பதிவு எண், கையெழுத்துப் போட்டவரின் பதவி எல்லாமே மொழிபெயர்ப்பில் வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று எழுதப்படும். செல்பேசியில் சாய்வாக எடுத்த, ஒரு மூலை வெட்டுப்பட்ட படத்தை அனுப்பினால் அந்தச் சொல் நாலைந்து இடங்களில் வந்துவிடும். நான்கு மூலைகளும் தெரியும்படி, பின்பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்து அனுப்புவதே சரி.

இலங்கைச் சான்றிதழ் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பதிவுகள் தமிழில் இருந்தாலும் படிவத்தின் தலைப்புகளோ அலுவலக முத்திரையோ சிங்களத்தில் இருக்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும் சான்று உள்ளவர், தமக்குச் சிங்களம் பேசத் தெரிந்தாலும், அந்தப் பகுதிக்குத் தம் முத்திரையால் பொறுப்பேற்க முடியாது. தங்கள் மொழி இணையில் அடங்காதவற்றையும் சுயவிவரத்தில் சொல்லிவிடுபவர்கள், வாடிக்கையாளருக்கு ஒரு வாரத்தையாவது மிச்சப்படுத்துகிறார்கள்.

துறைக்கு வருவோம். 'எல்லாத் துறைகளும்' என்று எழுதுவது எதையுமே சொல்லாததற்குச் சமம். 'மருத்துவம்' என்று மட்டும் போட்டாலும் போதாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம் ஒரு வகை. புதிய மருந்துச் சோதனையில் பங்கேற்பவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவம் வேறு வகை. முதலாவதில் சுருக்கெழுத்துகளும் மருந்தளவுகளும் நிறைந்திருக்கும், படிப்பவர் மருத்துவர். இரண்டாவதைப் படிப்பவர் சாதாரண மனிதர். அபாயங்கள் அவருக்கு ஐயமின்றிப் புரிய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர் முதல் வகைக்குத் தகுதியானவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். ஆகவே, துறையின் பெயரோடு ஆவண வகையும், அந்தத் துறை எப்படிப் பழக்கமானது என்பதும் இருந்தால்தான் அது தகவல்.

இத்தனையும் சேர்ந்தால் ஒரு நல்ல சுயவிவரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரி:

'தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, எழுத்து மட்டும். நாட்டி சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர். எண்ணும் காலாவதித் தேதியும் கீழே உள்ளன. பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், பள்ளி, கல்லூரிச் சான்றுகள், மருத்துவமனைச் சிகிச்சைச் சுருக்கங்கள். இந்திய, இலங்கை ஆவணங்கள் இரண்டிலும் பழக்கம் உண்டு. சிங்களப் பகுதிகளை ஏற்பதில்லை. ஒப்பந்தங்கள், காப்புரிமை ஆவணங்கள், நீதிமன்றத்தில் நேரில் உரைபெயர்ப்பது ஆகியவற்றைச் செய்வதில்லை. ஆவணத்தின் முழுப் பக்க ஸ்கேன், பாஸ்போர்ட் பெயர்ப் பக்கம், எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதிக்குள் தேவை என்ற விவரம் ஆகியவற்றை அனுப்பவும்.'

இதில் செய்யாதவற்றைச் சொல்லும் வரிகள்தான் வாடிக்கையாளருக்கு மிகவும் உதவுபவை. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் அவற்றை எழுதுவதில்லை. தகுதியில்லாத வேலையை ஏற்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. அதை முன்கூட்டியே எழுதிவைப்பவரை நம்பலாம்.

ஒரு நாட்டின் சான்று இன்னொரு நாட்டில் அப்படியே செல்லும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் குடிவரவுத் துறை எந்தச் சங்கத்தின் சான்றையும் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டால் போதும். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றுத் தேர்வில் தமிழ் இல்லை. ஆகவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம்மை அந்தச் சங்கத்தின் 'உறுப்பினர்' என்று சொன்னால், அதைத் தேர்வில் தேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் நீதிமன்றத்தில் பதிவு பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய விசாவுக்கு, அந்த நாட்டுக்குள் செய்யப்படும் மொழிபெயர்ப்பு நாட்டி சான்று பெற்றவருடையதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் செய்யப்பட்டதானால் அந்தச் சான்று கட்டாயமில்லை. ஆனால் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவை ஆங்கிலத்தில் அதிலேயே இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் புதிதாகக் குடியேறியவர்கள், பணம் கொடுக்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ள விசா வைத்திருப்பவர்களுக்கு, விசா கிடைத்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பத்துத் தனிப்பட்ட ஆவணங்கள் வரை அரசே இலவசமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருகிறது.